மயில்கழுத்து நிறம் எந்தப் பட்டியலில்?

காஞ்சிபுரம் பட்டு வேண்டும். பாடி மயில்கழுத்து நிறத்தில், பார்டர் அரக்கில். விலை 15,000 ரூபாய்க்கு மேல், 25,000-க்குள். தேவை இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒரு பெண், ஆன்லைன் புடவைக் கடை ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 6,000 புடவைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு 24 படம் என்றால் 250 பக்கங்கள். அவர் தேடுகிற புடவை அதில் எங்கோ இருக்கிறது, ஒன்றல்ல, நான்கு இருக்கின்றன. ஆனால் பத்தாவது பக்கம்வரை பொறுமையாகப் புரட்டுகிறவர்களே அபூர்வம்.

ஜவுளிக்கடையில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. "என்ன விசேஷம்மா, என்ன ரேட்டுல பாக்கலாம்?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, விற்பனையாளர் நேராக ஓர் அடுக்கிலிருந்து எட்டுப் புடவைகளை எடுத்துப் போடுவார். எது எங்கே இருக்கிறது, எது எதனோடு சேரும் என்பது அவர் மனதில் இருக்கும். ஆன்லைன் கடையில் அந்த அறிவை யாராவது முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும். கேட்டகிரி என்றும் ஃபில்டர் என்றும் திரையில் நாம் பார்ப்பவை அந்த எழுத்தின் வெளித்தோற்றம்தான். இருநூறு புடவை வைத்திருக்கும் கடைக்கு இதெல்லாம் தேவையில்லை. வாடிக்கையாளர் விரலால் தள்ளியே எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். ஆயிரத்தைத் தாண்டிய கடைக்கு இது இல்லாமல் ஓடாது.

வளர்ந்துவரும் கடைகளில் முதலில் கெடுவது மெனுதான். 'பட்டு', 'காட்டன்', 'கல்யாணப் புடவை', 'காஞ்சிபுரம்', 'சிவப்புப் புடவைகள்', '5,000-க்குள்', 'புதுவரவு', 'தள்ளுபடி' எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒன்று சேர்ந்து, இரண்டு வருடத்தில் நாற்பது ஆகிவிடும். இந்த மெனுவில் தள்ளுபடி விலையில் இருக்கும் ஒரு சிவப்புக் காஞ்சிபுரம் கல்யாணப் பட்டை எங்கே வைப்பது? 'காஞ்சிபுரம்' என்பதில் மட்டும் வைத்தால் 'கல்யாணப் புடவை'யில் தேடுகிறவர் கண்ணில் படாது. ஐந்திலும் வைத்தால் வாடிக்கையாளர் எங்கே போனாலும் அதே புடவை எதிரே வரும், கடையில் சரக்கே இல்லை என்று தோன்றிவிடும். உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்கோ, ஒரு புடவை விற்றதும் அதை ஐந்து இடத்திலிருந்து நீக்கும் வேலை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இருவேறு வகைத் தகவல்கள் ஒரே வரிசையில் கலந்து நிற்பது. ஒரு பொருள் என்ன என்பது ஒன்று. அது எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. என்ன என்பதற்குக் கேட்டகிரி, எப்படி என்பதற்கு ஃபில்டர். நிறம், விலை, பார்டர், விசேஷம் எல்லாம் இரண்டாவது வகை. அவற்றை மெனுவிலிருந்து எடுத்து ஃபில்டருக்கு அனுப்பினால், நாற்பது கேட்டகிரி பன்னிரண்டுக்கு இறங்கிவிடும்.

சொல்வது எளிது, நடுவில் நிற்கும் விஷயங்கள்தான் கையைப் பிடித்து நிறுத்தும். உதாரணத்துக்கு, புடவையின் நீளம். நீளம் ஒரு தன்மைதானே, ஃபில்டராக வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் மடிசாருக்காக ஒன்பது கஜம் தேடி வருகிறவர் ஆறு கஜப் புடவையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார், ஆறு கஜம் தேடுகிறவருக்கு ஒன்பது கஜம் குறுக்கே வந்தால் எரிச்சல். இரண்டையும் ஒரே திரையில் சேர்த்துப் பார்க்க விரும்பும் வாடிக்கையாளர் அநேகமாக இல்லை. அப்படியானால் 'ஒன்பது கஜம்' கேட்டகிரியாக இருப்பதே சரி. இதற்கு நேர்மாறானது நிறம். பச்சை பார்க்க வந்தவர் மாம்பழ மஞ்சளையும் ஒரு கண் பார்க்கவே செய்வார். இரண்டையும் வைத்து ஒப்பிட்டுத்தான் முடிவெடுப்பார். எனவே நிறம் ஒருநாளும் கேட்டகிரி ஆகக்கூடாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு கேட்டகிரிக்குள் போனதும் கேட்கவேண்டிய கேள்விகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். ரெடிமேட் பிளவுஸுக்கு அளவு, கழுத்து வடிவம், கை நீளம் கேட்கவேண்டும். புடவைக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே பார்டர், முந்தி, ஜரிகை. கேள்விகள் மாறுவதால் பிளவுஸும் புடவையும் தனித்தனிக் கேட்டகிரிகள். அதேபோல, பட்டுக்கு 'அசல் ஜரிகையா, டெஸ்டட் ஜரிகையா' என்ற கேள்வி முக்கியம். சுங்குடிக்கு அது பொருளற்றது. எல்லாக் கேட்டகிரிகளிலும் ஒரே ஃபில்டர் பட்டியலைக் காட்டும் கடைகள் இங்கேதான் தவறுகின்றன. சுங்குடிப் புடவைப் பக்கத்தில் ஜரிகை ஃபில்டர் நின்றால், அதைத் தொட்டதும் திரை வெறுமையாகிவிடும்.

ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல கோணங்களில் விவரிக்கலாம் என்ற இந்தச் சிந்தனை கணினிக் காலத்தில் பிறந்ததல்ல. இதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் பயில லண்டன் போனபோது, அங்கே பெரிதும் வழக்கில் இருந்த டியூயி முறையின் ஒரு குறை அவரை உறுத்தியது. உலகில் உள்ள பாடங்களையெல்லாம் முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்துவிடும் முறை அது. பட்டியலில் இல்லாத புதிய பாடம் வந்தால் என்ன செய்வது? செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது அவருக்கு விடை பிடிபட்டது. சில உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்தே எத்தனையோ பொம்மைகளைச் செய்யலாம். அதுபோல நூலின் பொருளையும் சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துவைத்து, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். 1933-ல் வெளியான அவரது கோலன் பகுப்பு முறை இந்த எண்ணத்தின் மீது எழுந்தது.

நூலகத்தில் ரங்கநாதனுக்கு ஒரு தடை இருந்தது. எத்தனை கோணத்தில் விவரித்தாலும் புத்தகம் கடைசியில் ஓர் அலமாரியில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். கணினிக்கு அந்தத் தடை இல்லை. 2000-க்குப் பின் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழுவினர் சுமார் 35,000 கலைப்படங்களைக் காலம், இடம், ஊடகம் என்று பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூற்றிலிருந்தும் நுழையும்படி அமைத்துப் பயனாளர்களிடம் சோதித்தார்கள். அதே காலத்தில் எண்டெக்கா என்ற அமெரிக்க நிறுவனம் இதைக் கடைகளுக்கான மென்பொருளாக விற்றது. இன்று எந்த ஆன்லைன் கடையிலும் இடது ஓரத்தில் நாம் பார்க்கும் டிக் பெட்டிகள் அந்த வழியில் வந்தவை.

நம் வாடிக்கையாளரிடம் திரும்புவோம். அவர் 'காஞ்சிபுரம் பட்டு' கேட்டகிரிக்குள் நுழைகிறார். 900 புடவைகள். விலையில் 15,000 முதல் 25,000 வரை என்பதைத் தொடுகிறார், 260 ஆகிறது. பார்டர் நிறத்தில் அரக்கைத் தொடுகிறார், 38. இப்போது பாடி நிறத்தின் பட்டியலைப் பார்க்கிறார். பச்சை 11, நீலம் 13, கடுகு மஞ்சள் 9 என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண்ணிக்கை நிற்கிறது.

இந்த எண்ணிக்கை அலங்காரத்துக்காகப் போடுவதல்ல. தொடுவதற்கு முன்பே என்ன கிடைக்கும் என்று அது சொல்லிவிடுகிறது. 'வெள்ளை 0' என்று இருந்தால் யாரும் அங்கே போகமாட்டார்கள். வெறுந்திரையைப் பார்த்து, 'இந்தக் கடையில் ஒன்றுமில்லை' என்று வெளியேறவும் மாட்டார்கள். பூஜ்யம் வரும் தேர்வுகளை மங்கலாக்கிவிடுவதோ மறைத்துவிடுவதோ நல்லது. நான் மங்கலாக்குவதையே விரும்புவேன். நேற்று இருந்த வெள்ளை இன்று பட்டியலிலேயே இல்லையென்றால், கடை அதை வைத்திருப்பதே இல்லையோ என்று நினைக்கத் தோன்றும்.

அவர் பச்சையைத் தொடுகிறார். 11 புடவைகள். இங்கேதான் பல கடைகளின் மென்பொருள் சறுக்கும். பச்சையைத் தேர்ந்த பிறகு மற்ற நிறங்களின் எண்ணிக்கை என்ன ஆகவேண்டும்? பச்சைப் புடவைகளுக்குள்ளேயே நீலத்தை எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே பூஜ்யமாகிவிடும். கடுகு மஞ்சள் 0 என்று காட்டினால், அரக்கு பார்டரில் கடுகு மஞ்சளே இல்லை என்று அவர் முடிவுகட்டிவிடுவார். உண்மையில் 9 இருக்கின்றன. சரியான கணக்கு இது: ஒரே ஃபில்டருக்குள் உள்ள தேர்வுகளுக்கு இடையே 'அல்லது', ஒரு ஃபில்டருக்கும் இன்னொன்றுக்கும் இடையே 'மேலும்'. பச்சை அல்லது நீலம். மேலும் அரக்கு பார்டர். மேலும் அந்த விலை. ஆகவே நிறப் பட்டியலில் எண்ணிக்கை போடும்போது, நிறத் தேர்வை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற ஃபில்டர்களை எல்லாம் கணக்கில் எடுக்கவேண்டும். உங்களுக்குத் தெரிந்த கடையில் இது சரியாக இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு நிறத்தைத் தொடுங்கள். மற்ற நிறங்கள் சட்டென்று பூஜ்யமானால் கணக்கு தவறு.

அவர் பச்சையோடு நீலத்தையும் தொடுகிறார். 11-ம் 13-ம் சேர்ந்து 24 வரவேண்டும். திரையில் 20 தான் வருகிறது. இது பிழையல்ல. நான்கு புடவைகள் பச்சையிலும் இருக்கின்றன, நீலத்திலும் இருக்கின்றன. அவைதான் மயில்கழுத்து.

மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். துணியை அசைத்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் மின்னும். இதை ஒரே நிறத்துக்குள் அடைக்கச் சொன்னால், சரக்கு ஏற்றும் ஊழியர் அன்றைக்கு எது கண்ணில் படுகிறதோ அதைப் போடுவார். ஒரு புடவை பச்சையில், அதே தறியில் நெய்த இன்னொன்று நீலத்தில் போய்ச் சேரும். புடவையின் நிற உலகம் முழுக்க இப்படித்தான். அரக்கு, மாந்துளிர், வாடாமல்லி, கிளிப்பச்சை, இலைப்பச்சை, எம்.எஸ். ப்ளூ என்று நெசவாளர் முதல் வாங்குபவர்வரை புழங்கும் பெயர்கள் ஏராளம். இத்தனையையும் ஃபில்டரில் வரிசையாக அடுக்கினால் அறுபது பெட்டிகள் வரும், அதில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இவற்றையெல்லாம் ஒழித்துவிட்டு 'சிவப்பு, பச்சை, நீலம்' என்று மட்டும் வைத்தால், அரக்கு கேட்டு வந்தவருக்குத் தக்காளிச் சிவப்பைக் காட்டவேண்டி வரும்.

இதற்கு ஒவ்வொரு புடவைக்கும் இரண்டு நிறப் பதிவுகள் வேண்டும். ஒன்று நிறக் குடும்பம். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு, அரக்கு என்று பன்னிரண்டு, பதின்மூன்றுக்குள் அடங்கும் ஒரு மூடிய பட்டியல். அதிலிருந்து தேர்ந்தெடுக்கலாமே தவிர யாரும் புதிதாக எழுதிச் சேர்க்க முடியாது. ஒரு புடவைக்கு இரண்டு குடும்பம்வரை தரலாம். மயில்கழுத்துக்குப் பச்சையும் நீலமும். இரண்டாவது பதிவு, வழக்குப் பெயர். அது புடவையின் தலைப்பில் தெரியும், தேடல் பெட்டியில் 'மயில்கழுத்து' என்று அடித்தால் பிடிக்கும். ஃபில்டர் குடும்பத்தைப் பார்க்கும், தேடல் பெயரைப் பார்க்கும். பச்சை வழியாக வந்தாலும் நீலம் வழியாக வந்தாலும் பெயர் வழியாக வந்தாலும் அந்த நான்கு புடவைகளும் கிடைக்கும்.

பாடியின் நிறத்தையும் பார்டரின் நிறத்தையும் பிரித்துப் பதிவதும் காஞ்சிபுரத்துக்கு அவசியம். கோர்வை முறையில் பாடியும் பார்டரும் வேறுவேறு நிற ஊடையால் நெய்யப்பட்டு நடுவில் கோர்க்கப்படுகின்றன; எதிரெதிர் நிறங்கள் சேர்வதே அந்தப் புடவையின் அழகு. ஒரே 'நிறம்' என்ற பதிவில் இரண்டையும் போட்டால், அரக்கைத் தொட்டதும் அரக்குப் புடவைகளும் அரக்கு பார்டர் போட்ட மஞ்சள் புடவைகளும் கலந்து வரும். துணிக்கடைகளுக்கென்று பொதுவாக விற்கப்படும் மென்பொருள்களில் ஒரு பொருளுக்கு ஒரு நிறம்தான். சட்டைக்கு அது போதும். புடவை விற்பவர் தனியாகக் கேட்டு வாங்கவேண்டிய வசதி இது.

இனி, இந்த வேலையில் எல்லாரும் வெறுக்கும் பகுதி. ஃபில்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒவ்வொரு புடவைக்கும் தகவல் நிரப்பியிருந்தால்தான் அது வேலை செய்யும். காஞ்சிபுரம் கேட்டகிரியில் 900 புடவைகள். பார்டர் வகையில் பெரிய பார்டர், சின்ன பார்டர், பார்டர் இல்லாதது என்று மூன்று தேர்வுகள். ஒரு புடவைக்கு ஒரே வகைதான் பொருந்தும், ஆகவே மூன்றின் எண்ணிக்கையையும் கூட்டினால் 900 வரவேண்டும். 610 வருகிறது என்றால், 290 புடவைகளுக்கு அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. யாராவது பார்டர் ஃபில்டரைத் தொட்ட கணத்தில் அந்த 290-ம் கடையிலிருந்து மறைந்துவிடுகின்றன. எந்த எச்சரிக்கையும் வராது. 'இந்தப் புடவைகள் ஏனோ விற்கவில்லை' என்று மாதக் கடைசியில் கணக்கு பார்க்கும்போது பேசிக்கொள்வார்கள், காரணம் தெரியாது. மறைந்தவற்றில் பெரும்பாலும் புதுச் சரக்கு இருக்கும், ஏனென்றால் பண்டிகை நெருக்கத்தில் அவசரமாகப் படம் மட்டும் ஏற்றிவிட்டு விவரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருப்பார்கள்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கும் இந்தச் சோதனையை ஒவ்வொரு கேட்டகிரிக்கும் ஒவ்வொரு ஃபில்டருக்கும் வாரம் ஒருமுறை செய்வது நல்லது; ஒரு எக்செல் தாளில் பத்து நிமிட வேலை. அதைவிட நல்லது, கட்டாயக் கட்டங்கள் நிரம்பாமல் புடவை கடையில் ஏறவே முடியாது என்று மென்பொருளில் பூட்டுவது. ஆனால் கட்டாயம் என்பதை ஐந்தாறு கட்டங்களோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். இருபது கட்டங்களைக் கட்டாயமாக்கினால் ஊழியர்கள் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். வெற்றுக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம், தவறாக நிரப்பிய கட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

யார் நிரப்புகிறார்கள், எப்போது நிரப்புகிறார்கள் என்பதும் முக்கியம். படத்தைப் பார்த்து நிறம் எழுதுவது ஆபத்து. விளக்கு வெளிச்சத்தில் அரக்கு சிவப்பாகவும், மாந்துளிர் வெறும் பழுப்பாகவும் விழும். புடவை மேசையில் விரித்துக் கிடக்கும்போது, படம் எடுப்பதற்கு முன், துணி தெரிந்த ஒருவர் எழுதவேண்டும். புடவையைத் தொட்டுப் பார்த்து 'இது கோர்வை, இது டெஸ்டட் ஜரிகை' என்று சொல்லக்கூடிய மூத்த ஊழியர் எந்தக் கடையிலும் ஒருவராவது இருப்பார். அவரைக் கவுன்டரில் நிறுத்திவிட்டு, விவரம் எழுதும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் தருவதுதான் வழக்கம். மாற்றித் தருவதே லாபம்.

நிரப்புவதில் இன்னொரு வகைக் கேடு, எல்லாவற்றுக்கும் எல்லாவற்றையும் போடுவது. 'விசேஷம்' என்ற ஃபில்டரில் இதை எங்கும் பார்க்கலாம். அதிகம் பேர் கண்ணில் படட்டும் என்று ஒவ்வொரு புடவைக்கும் கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கோயில், அலுவலகம் என்று எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டுவிடுவார்கள். பிறகு 'வளைகாப்பு' என்று தொட்டால் 900-ல் 860 வரும். அந்த ஃபில்டர் எதையும் வடிகட்டவில்லை. ஒரு தேர்வைத் தொட்டதும் பட்டியல் கண்ணுக்குத் தெரியும்படி குறையவில்லையென்றால், அந்தத் தேர்வை எடுத்துவிடலாம். ஒரு புடவைக்கு இரண்டு விசேஷத்துக்கு மேல் போடக்கூடாது என்று விதி வைத்தால், ஊழியர் யோசித்துப் போடுவார்.

விலைக்கு வருவோம். 5,000-க்குள், 5,000 முதல் 10,000, 10,000 முதல் 15,000 என்று சமமாக வெட்டிக் கடை முழுவதுக்கும் ஒரே விலை வரிசை வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. செட்டிநாடு காட்டன் புடவைகளின் விலை 800-க்கும் 2,500-க்கும் இடையில் இருக்கும் ஒரு கடையில், அந்தக் கேட்டகிரி மொத்தமும் முதல் கட்டத்தில் விழுந்துவிடும். விலை வரிசையைக் கேட்டகிரிக்குக் கேட்டகிரி தனியாக வெட்டவேண்டும். விலைவாரியாகப் புடவைகளை அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு சரக்கு வரும்படி நான்கைந்தாகப் பிரித்து, பிறகு அந்த எல்லைகளை மக்கள் வாயில் வரும் தொகைகளுக்கு நகர்த்தினால் போதும். கணக்கு 1,180 என்று வந்தால் எல்லை 1,200. கூடவே 'இவ்வளவிலிருந்து இவ்வளவுவரை' என்று எண் அடிக்க இரண்டு சிறு கட்டங்கள். இழுத்து நகர்த்தும் விலைக் கம்பியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஃபோனில் கட்டைவிரலால் அதைச் சரியாக 15,000-ல் நிறுத்துவது பெரும்பாடு.

ஃபோன் என்றதும் ஒன்று. பெரிய திரையில் இடது ஓரத்தில் எப்போதும் தெரியும் ஃபில்டர் பட்டியல், ஃபோனில் ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. என்ன தேர்ந்தோம் என்பதே மறந்துபோகும். அதனால் தேர்ந்த ஒவ்வொன்றும் புடவைப் படங்களுக்கு மேலே சிறு பட்டையாக, நீக்குவதற்கான குறியுடன் நிற்கவேண்டும். அடியில் உள்ள பட்டனில் வெறுமனே 'சரி' என்று இல்லாமல் '20 புடவைகளைக் காட்டு' என்று எழுதினால், உள்ளே இருக்கும்போதே விளைவு தெரியும். ஒரு புடவையைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வரும்போது, தேர்ந்தவை எல்லாம் அப்படியே இருக்கவேண்டும், பட்டியலில் விட்ட இடத்திலேயே நிற்கவேண்டும். இது கெட்டுப்போன கடைகளில் வாடிக்கையாளர் மூன்றாவது புடவையோடு அலுத்துவிடுவார்.

வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கவிளைவும் உண்டு. ஒவ்வொரு ஃபில்டர் சேர்க்கைக்கும் கடையில் தனி முகவரி உண்டாகிறது. 12 நிறங்களில் ஒவ்வொன்றையும் தேர்ந்தோ விட்டோ வைக்கலாம் என்றால் 4,096 சேர்க்கைகள். ஆறு விலைக் கட்டங்களைச் சேர்த்தால் 2,62,144. ஐந்து பார்டர் வகைகளையும் சேர்த்தால் 83,88,608. இருப்பது 6,000 புடவை, முகவரிகள் 83 லட்சத்துக்கு மேல். கூகுள் போன்ற தேடுபொறிகளின் நிரல்கள் ஒவ்வொரு முகவரியாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினால், இந்தக் காட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நேற்று ஏற்றிய புதுப்புடவைப் பக்கத்துக்கு வந்து சேர நாளாகும். போதாததற்கு ஒரே பட்டியலுக்கு இரண்டு முகவரிகள் அமைவதும் உண்டு:

```
/kanchipuram-silk?border=maroon&body=green
/kanchipuram-silk?body=green&border=maroon
```

இரண்டும் காட்டுவது அதே புடவைகள். தேர்ந்த வரிசை எதுவானாலும் முகவரியில் ஃபில்டர்கள் ஒரே ஒழுங்கில் நிற்கும்படி செய்துவிட்டால் இந்த இரட்டிப்பு போய்விடும். மற்றபடி, மக்கள் கூகுளிலேயே தேடும் சில சேர்க்கைகளை மட்டும் தேர்ந்து, அவற்றுக்குத் தனித் தலைப்பும் நிலையான முகவரியும் தரலாம். அரக்குக் காஞ்சிபுரம் பட்டு அப்படி ஒன்று. மீதியை `robots.txt` கோப்பில் தடுத்துவிடலாம், அல்லது அந்தப் பக்கங்களில் `noindex` என்று குறித்துவிடலாம். ஒரே பக்கத்துக்கு இரண்டையும் செய்வது பயன் தராது. நுழையவே தடுத்துவிட்டால் உள்ளே எழுதியிருக்கும் குறிப்பை நிரல் படிக்க முடியாது.

எந்த ஃபில்டர் வேண்டும் என்பதை அலுவலக அறையில் உட்கார்ந்து யூகிக்கத் தேவையில்லை. கடையின் தேடல் பெட்டியில் மக்கள் அடிப்பவை எல்லாம் பதிவாகின்றன. அதில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று முடிந்த தேடல்களை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தால் இரண்டு வகை தெரியும். முதல் வகை, சரக்கு இருக்கிறது, பெயர்தான் பொருந்தவில்லை. கடை 'அரக்கு' என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளர் 'மெரூன்' என்று அடித்திருப்பார், அல்லது தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார். இவற்றை ஒரே நிறக் குடும்பத்தோடு இணைக்கும் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்து, மாதாமாதம் வளர்க்கவேண்டும். இரண்டாம் வகை, கடை இதுவரை பதிவே செய்யாத ஒரு தன்மையை மக்கள் கேட்பது. 'வெயிட் இல்லாத பட்டு', 'லைட் வெயிட் பட்டுப்புடவை' என்று திரும்பத் திரும்ப வரும். கனமான ஜரிகைப் புடவையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க முடியாத வயதானவர்களுக்காகவே பலர் இப்படித் தேடுகிறார்கள். 'எடை குறைவு' என்று ஊழியரின் அபிப்பிராயத்தைப் பதிந்தால் ஆளுக்கு ஆள் மாறும், மறுபடியும் எல்லாப் புடவையும் எடை குறைந்ததாகிவிடும். கிராமில் பதியவேண்டும். அதற்கென்று புதிதாகத் தராசும் வாங்கவேண்டாம். கூரியருக்காகப் பார்சல் எடை போடும் தராசு கடையிலேயே இருக்கிறது. புடவை விற்ற பிறகு பேக்கிங் மேசையில் செய்யும் அந்த வேலையை, படம் எடுக்கும் மேசைக்கு முன்னால் கொண்டுவந்தால் போதும். 500 கிராமுக்குள், 500 முதல் 700 வரை, அதற்கு மேல் என்று மூன்று பெட்டிகள் ஃபில்டரில் சேரும்.